மேலாளர் அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும்?

(நமது அறக்கட்டளை மதுரையில் நடத்திய மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில், வங்கி மேலாளரை அறிமுகப்படுத்தி ஆற்றிய உரை)



இன்று நம்மோடு பேச வந்திருப்பவர் நம் பகுதி வங்கிக் கிளையின் மேலாளர் அம்மா. குழுக் கடன் கேட்டு நாம் கொடுக்கும் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர்தான். வழக்கமாக நாம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்புவோம். இன்று அவரே நம் பாயில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க, அவரிடம் எதைக் கேட்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. நம் தெருக்களில் நூறு நாள் தண்டல் எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம் கேட்டால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். '1,500 தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேல் வட்டி வருகிறது. இதிலிருந்து வெளியே வரத்தான் நம்மில் பலர் குழுவில் சேர்ந்தோம். வட்டியே வேண்டாம் என்று விலகி, சேமிப்புக்கு மட்டும் குழுவில் இருக்கும் சகோதரிகளும் இங்கே உண்டு. அது அவரவர் முடிவு. ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டியது இரண்டு பேருக்கும் பொது.

நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. நம்மை நம்பி வங்கி எப்படிக் கடன் தருகிறது? 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வைத்துச் சோதனையாகத் தொடங்கிய திட்டம் இது. குழுவின் நோட்டுப் புத்தகங்களே அதற்கு அடமானம். மாதக் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சந்தா தவறாமல் சேர்கிறதா, சேர்ந்த பணத்தை உறுப்பினர்கள் தமக்குள் கடனாகச் சுற்றுகிறார்களா, அது திரும்பி வருகிறதா, இவை எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றனவா? இந்த ஐந்தைத்தான் மேலாளர் பார்ப்பார். குழு ஆறு மாதம் உயிரோடு நடந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆறு மாதத்தை நம் புத்தகத்திலிருந்துதான் எண்ண வேண்டும், வங்கியில் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல.

ஓர் உதாரணம். பன்னிரண்டு பேர் உள்ள குழு. மாதம் ஆளுக்கு 300 ரூபாய். பத்து மாதத்தில் 36,000 சேர்ந்திருக்கிறது. உள்கடனிலிருந்து வந்த வரவு 4,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000. இதில் 34,000 உறுப்பினர்களிடம் கடனாக இருக்கிறது, வங்கிப் பாஸ்புக்கில் 6,000 மட்டுமே இருக்கிறது. 'பாஸ்புக்கில் பணமே இல்லையே, கடன் எப்படித் தருவார்கள்?' என்று பல சகோதரிகள் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். வெளியே சுற்றும் பணமும் குழுவின் நிதிதான். வாழ்வாதாரத் திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் முறைப்படி, முதல் கடனுக்கு இந்த நிதியின் ஆறு மடங்கைக் கணக்கில் எடுக்கலாம். இந்தக் குழுவுக்கு அது 2,40,000 ரூபாய். பத்து லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்பை முடக்கி வைக்கவும், டெபாசிட் போடச் சொல்லவும் கூடாது. உறுப்பினர் ஒருவரின் கணவர் பழைய கடனைக் கட்டாமல் இருக்கிறார் என்பதற்காகக் குழுவுக்கே மறுப்பதும் சரியல்ல.

இனி வட்டிக் கணக்கு. 2,40,000 ரூபாயை மாதம் பத்தாயிரம் அசலாக 24 மாதத்தில் கட்டுகிறோம். எளிமைக்காக ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 2,400, அடுத்த மாதம் 2,300 என்று குறைந்துகொண்டே வந்து, மொத்தம் 30,000 ரூபாய் ஆகும். முழு அசலுக்கும் கடைசி வரை ஒரே வட்டி போட்டால் 57,600. இரண்டையும் '12 சதவீதம்' என்றே சொல்வார்கள். அதனால் வங்கியோ வேறு யாரோ, கடன் தருபவர் எவராக இருந்தாலும், 'மீதி அசலுக்கா, முழு அசலுக்கா?' என்று கேளுங்கள். இன்றைய வட்டி எவ்வளவு, அதில் அரசு மானியம் உண்டா என்பதை மேலாளர் அம்மா சொல்வார்.

கடைசியாக, மனம் கனத்த ஒரு விஷயம். நாங்கள் நேரில் பார்த்த ஒரு குழு அது. பெயர் வேண்டாம். உறுப்பினர்கள் மாதா மாதம் தவணையைத் தலைவியிடம் கொடுத்தார்கள். அவரும் ஒவ்வொருவர் அட்டையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து ஓர் உறுப்பினர் நகைக் கடனுக்கு வங்கிக்குப் போனபோதுதான் தெரிந்தது, குழுவின் தவணை எதுவுமே கட்டப்படவில்லை என்று. தலைவி கெட்டவர் அல்ல. மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தவர், அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் தவணை 90 நாளைத் தாண்டினால் அது வங்கியில் வாராக்கடன். பன்னிரண்டு பேரில் ஒழுங்காகக் கட்டிய பதினொரு பேருக்கும் அடுத்த கடன் நின்றுபோனது.

அந்தக் குழுவில் அட்டையைப் பார்த்தார்கள். பாஸ்புக்கை யாரும் பார்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்றையும் நடுவில் வையுங்கள்: உறுப்பினர் அட்டை, குழுப் பேரேடு, அந்த மாதம் பதிவு போட்ட வங்கிப் பாஸ்புக். போன மாதம் நாம் கொடுத்த தொகை மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். வங்கிக்குப் போகும் வேலையை முறை வைத்து இரண்டு பேர் பார்க்கட்டும். எழுதாத பணமெடுப்புச் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தரவே தராதீர்கள்.

படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். நம் அழகர்கோயில் பக்கத்துப் பில்லுச்சேரியில் கூலி வேலை செய்த சின்னப்பிள்ளை அம்மாள் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. களஞ்சியம் குழுக்களை முன்னின்று நடத்தியவர். 2001-ல் டெல்லியில் அவருக்கு விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மேலாளர் அம்மா, எங்கள் சகோதரிகள் தங்கள் நோட்டுகளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் மேஜைக்கு வரும்போது இவற்றில் நீங்கள் முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பீர்கள், எதைப் பார்த்தால் திருப்பி அனுப்புவீர்கள் என்பதிலிருந்தே தொடங்குங்கள். சகோதரிகளே, புரியாத இடத்தில் கையைத் தூக்குங்கள், கூச்சம் வேண்டாம்.

மேலாளர் அம்மா அவர்களைப் பேச அழைக்கிறோம்.