வற் கட்டாத கடையின் வற் கணக்கு

கிளிநொச்சியில் சிறுகடை நடத்துபவர், "நான் வற் வரிக்குப் பதியவில்லை, அது என் கணக்கில் எதற்கு?" எனக் கேட்கலாம். 2024 ஜனவரியில் பதிவெல்லை ஆண்டு விற்பனை 60 மில்லியன் ரூபாவாகக் குறைந்தபோதும் பெரும்பாலான சிறுகடைகள் அதற்குக் கீழேதான் இருந்தன. ஆனால் பதியாதவர் கொள்முதலில் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது; அது சரக்கின் அடக்கவிலையாகிவிடுகிறது. அதே மாதம் வரி 15இலிருந்து 18 வீதமானது. வரிக்கு முன் ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான சவர்க்காரத்துக்கு முன்பு 115,000 போதும். பிறகு 118,000 வேண்டும். விற்பனை 130,000 ஆகவே நின்றால் இலாபம் 15,000இலிருந்து 12,000. அதாவது ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

விலையை 3,000 ஏற்றினால் சரியாகிவிடாதா? இலாபம் மீளும், கைக்காசு மீளாது. மொத்த வியாபாரிக்கு 118,000 இன்றே போகிறது. கொப்பியில் எழுதிய கடனோ நெல் அறுவடைக்குப் பிறகுதான் வரும். ஆகவே வரவு செலவு மதிப்பீட்டில் கொள்முதலை வரியோடு, காசு கொடுக்கும் மாதத்திலேயே எழுத வேண்டும். அரிசி, மரக்கறி போன்ற வரிவிலக்குப் பொருட்களைத் தனி வரிசையில் வையுங்கள். எல்லாவற்றிலும் 18 வீதம் ஏற்றினால் மதிப்பீடு மறுபக்கம் பிழைக்கும்.