பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்: தேதி, விமான நிலையம், பெயர்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். டிக்கெட்டை இப்போது நாமே போனில் எடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன். எடுத்ததில் மூன்று தவறுகள். இரண்டைப் பணம் கட்டும் முன்பே பிடித்துவிட்டேன். மூன்றாவதைக் கோட்டை விட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் கச்சிராயபாளையம். கோமுகி அணை என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே இருக்கும் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் துபாயில் மகனுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிளம்பினார்கள். இருவருக்கும் முதல் விமானப் பயணம். "நீயே போட்டுக் கொடுத்துடுப்பா" என்று பெரியப்பா என்னிடம் பொறுப்பை விட்டுவிட்டார்.

முதலில் விமான நிலையம். ஊரிலிருந்து திருச்சி வசதி. தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் முதல் சில எழுத்துகளைத் தட்டினேன். மேலே வந்ததைத் தொட்டேன். வந்தது திருச்சி இல்லை, திருவனந்தபுரம். திருச்சியின் குறியீடு TRZ, திருவனந்தபுரத்தின் குறியீடு TRV. ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. விலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. பணம் கட்டும் பக்கத்தில் சுருக்கமாக TRV என்று வந்தபோதுதான் கண்ணில் பட்டது. போய்ச் சேரும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். துபாய்க்கு DXB, DWC என்று இரண்டு விமான நிலையங்கள். ஷார்ஜாவுக்கு SHJ. கோவாவில் பழைய டபோலிம் GOI, 2023 முதல் இயங்கும் மோப்பா GOX. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. 2006இல் ஜெர்மனி இளைஞர் ஒருவர் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போக நினைத்து, ஒரே ஓர் எழுத்துப் பிழையால் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் சிட்னி (Sidney) என்ற சிற்றூருக்கு டிக்கெட் எடுத்த செய்தி அப்போது உலகம் முழுக்க வந்தது. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, பெயர். பெரியம்மாவின் பெயரை வள்ளியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் இனிஷியலோடு K Valliammal. பாஸ்போர்ட்டில் Given Name என்ற இடத்தில் VALLIAMMAL மட்டும். Surname என்ற இடம் காலி. நம் ஊரில் பலருக்கும் இப்படித்தான். தளம் Surname இல்லாமல் நகரவிடாது. காலியாக இருந்த கட்டத்தில் போன் தானாகவே முன்பு சேமித்திருந்த என் அப்பா பெயரைப் போட்டுவிட்டது! பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்ததால் பிடித்தேன்.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். Surname கட்டத்தில் என்ன போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் அந்தப் பெயரை Surname கட்டத்தில் போட்டுவிட்டு முதல் பெயர் கட்டத்தில் FNU என்று போடச் சொல்வார்கள். அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள், நாமாக அப்பா பெயரையோ இனிஷியலையோ சேர்க்க வேண்டாம். இன்னொன்று, ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு பிழைகளைப் பிடித்த பெருமையில் பணத்தைக் கட்டினேன். மூன்றாவது, தேதி.

டிக்கெட்டில் இருந்தது 2023 மார்ச் 12, ஞாயிறு, 00:35. நான் பெரியப்பாவிடம் சொன்னது, "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பன்னிரண்டரைக்கு விமானம்". மகனுக்கும் அப்படியே சொன்னேன். தேதியில் எழுத்துப் பிழை இல்லை. நான் புரிந்துகொண்டதில்தான் பிழை. 00:35 என்றால் சனிக்கிழமை இரவு முடிந்து ஞாயிறு தொடங்கிய 35ஆவது நிமிடம். அவர்கள் ஞாயிறு மாலை ஊரெல்லாம் வழியனுப்ப, பலகாரப் பெட்டியோடு காரில் கிளம்பினார்கள். பெரம்பலூர் நெருங்கும்போது உடன் போன பையன் போனில் செக்-இன் செய்யப் பார்த்தான். விமானம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்று வந்தது. கிட்டத்தட்ட ஒரு நாள் முன்பே போய்விட்ட விமானத்துக்காக அவர்கள் பாதி வழி வந்திருந்தார்கள்.

அந்த டிக்கெட் போனது போனதுதான். மறுநாளுக்குப் புதிதாக இரண்டு டிக்கெட் எடுத்தோம். பணத்தை நான் கட்டினேன். ஆனால் பெரியம்மா அந்த இருட்டில் நெடுஞ்சாலை ஓரக் கடையில் உட்கார்ந்து, "குழந்தையைப் பார்க்க எனக்குக் கொடுப்பினை இல்லையோ" என்று கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, பணம் கட்டும் பொத்தானைத் தொடும் முன் நான் செய்வது இதுதான்.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் கிழமையையும் நேரத்தையும் தாளில் எழுதுகிறேன். விமானம் ஞாயிறு 00:35. மூன்று மணி நேரம் முன்பு என்றால் சனி இரவு 9:35. கச்சிராயபாளையத்திலிருந்து வழியில் நின்று போக நாலு மணி நேரம் வைத்தால், சனி மாலை ஐந்தரைக்குக் காரில் ஏற வேண்டும். இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் தவறு அப்போதே தெரிந்திருக்கும். AM, PM என்று காட்டும் தளத்தில் 12:35 AM என்பதும் இதே நள்ளிரவுதான்.

2. தேதியைக் கிழமையோடு சேர்த்துப் படிக்கிறேன். அமெரிக்கத் தளங்களில் மாதம் முன்னால் வரும். 05/06 என்பது அங்கே மே 6. கிழமை பொருந்தவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். திரும்பும் தேதிக்கும் இதே சோதனை.

3. புறப்படும் இடம், இறங்கும் இடம், நடுவில் மாறும் இடம், எல்லாவற்றின் மூன்றெழுத்தையும் பார்க்கிறேன்.

4. பெயரை இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படிக்க, நான் திரையைப் பார்க்கிறேன். தட்டியவரே சரிபார்த்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். மனதில் இருக்கும் பெயரையே படிக்கும். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், காலாவதித் தேதி ஆகியவற்றையும் அதே மூச்சில் பார்த்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் பிறகு பிழை தப்பிவிட்டால்? டிக்கெட் மெயிலில் வந்த உடனே இதே நான்கையும் இன்னொரு முறை பாருங்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுத்த டிக்கெட்டில் பெயரின் எழுத்துப் பிழையை 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால், திருத்தக் கட்டணம் வாங்கக் கூடாது. இடைத்தரகுத் தளத்தில் எடுத்திருந்தால் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும், நேரம் இழுக்கும். எழுத்துப் பிழையைத்தான் திருத்துவார்கள். ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தர மாட்டார்கள்.

பெரியம்மா மறுநாள் போய்ச் சேர்ந்து பேரனைத் தூக்கிக்கொண்ட படத்தை அனுப்பினார். திரும்பி வரும் டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். ஆனால் பணம் கட்டும் முன் பெரியப்பா போனில் கேட்டார்: "அங்கே வீட்டை விட்டு என்னைக்கு, எத்தனை மணிக்குக் கிளம்பணும்? அதை முதல்ல சொல்லு."