ஒருத்தி சொன்னால் போதுமா?

(இளைஞர் வாசகர் வட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கண்ணால் பார்த்தது அந்த அக்கா மட்டும்தான். மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு கேஸ் நிற்குமா?" இன்று வேறு ஏதோ பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டு இதையே பேசுகிறேன்.

நிற்கும். எந்த ஒரு விஷயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 134ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதே வாசகம் 139ஆவது பிரிவாக இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவை ஒப்பிப்பதால் மட்டும் யாரும் தண்டனை பெற்றதில்லை. அந்த ஒருவரின் வார்த்தையை நீதிமன்றம் எப்படி எடை போடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்கு எல்லா நீதிமன்றங்களும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு நம் ஊரிலிருந்து போனதுதான். 1955 நவம்பரில் முத்துப்பேட்டையில் இரவு நேரத்தில் ஒரு கொலை. இறந்தவரின் மனைவி சொன்ன சாட்சியத்தை நம்பித்தான் கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. 'வடிவேலு தேவர் எதிர் மதராஸ் மாநிலம்', 1957. இதை ஒரு சாதி வழக்காக நான் சொல்லவில்லை, அதில் உருவான விதிக்காகச் சொல்கிறேன். 'ஒரே ஒரு சாட்சி, அதுவும் மனைவி. இதை வைத்துக் கொலைக் குற்றம் சாட்டலாமா? சரி, சாட்டினாலும் தூக்கு கொடுக்கலாமா?' என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிபதி சின்ஹா எழுதிய தீர்ப்பு இரண்டையும் நிராகரித்தது. சாட்சிகளின் எண்ணிக்கையைக் கட்டாயமாக்கினால், ஒரே ஒருவர் பார்த்த குற்றங்கள் எல்லாம் தண்டனையில்லாமல் போகும், சாட்சிகளைக் கலைக்கும் வேலைக்கும் அது ஊக்கம் தரும் என்பது அதன் வாதம். தண்டனையின் அளவும் சாட்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை என்றது. தூக்கு விஷயத்தில் எனக்கு அந்தத் தீர்ப்போடு உடன்பாடு இல்லை. திரும்பப் பெற முடியாத தண்டனையை ஒருவர் நினைவின் மேல் கட்டக் கூடாது என்பது என் கருத்து. அது வேறு கூட்டத்துக்கான பேச்சு.

அந்தத் தீர்ப்பு சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக்க நம்பத்தக்கவர், அவர் ஒருவரே போதும். முழுக்க நம்பத்தகாதவர், அவரைத் தள்ளிவிட வேண்டும். இந்த இரண்டிலும் சிக்கலில்லை. மூன்றாவது வகைதான் சிக்கல்: முழுக்க நம்பவும் முடியாது, முழுக்கத் தள்ளவும் முடியாது. அப்படிப்பட்டவர் சொல்வதற்கு வேறு ஏதாவது ஆதாரத்தின் துணை வேண்டும். அது இன்னொரு மனிதராக இருக்கலாம், காயமாக இருக்கலாம், கேமராப் பதிவாக இருக்கலாம். நம் வழக்குகளில் பல பெண்கள் முதல் வகையில் இருக்க வேண்டியவர்கள். அவர்களை மூன்றாவது வகைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சில நேரம் தள்ளுவது நாமேதான். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு ஒன்பதரை மணி. கணவனும் மனைவியும் பேருந்திலிருந்து இறங்கி, ஊர்த்தெரு வழியாகச் சேரிக்கு நடந்து போகிறார்கள். இரண்டு பேர் அரிவாளால் வெட்டுகிறார்கள். கணவர் இறந்துவிடுகிறார். தெருவில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பார்த்தது மனைவி மட்டும்.

முதல் கேள்வி, அவர் அங்கே இருந்தாரா? கேலியாகத் தோன்றும், ஆனால் குறுக்கு விசாரணை இங்கேதான் தொடங்கும். சேலையில் ரத்தம் இருந்ததா, அதை ஆய்வுக்கு அனுப்பினார்களா? ஆம்புலன்ஸில் கூட ஏறியது யார், மருத்துவமனைப் பதிவேட்டில் அழைத்து வந்தவர் பெயர் என்ன? பேருந்து டிக்கெட் இருக்கிறதா? கணவனோடு மனைவி நடந்து வருவது இயல்புதானே என்று நமக்குத் தோன்றும். நீதிமன்றத்துக்கு அந்த இயல்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்னத் தாளாவது வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம். தெருவிளக்கு எரிந்தது என்று அவர் சொல்வார். போலீஸ் தயாரித்த பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் அந்த விளக்கு இருக்கிறதா? இல்லையென்றால் அது பின்னால் சேர்த்த விளக்கு ஆகிவிடும். ஆனால் இருட்டு என்பதாலேயே சாட்சியம் விழுந்துவிடாது. பீகாரின் நதுனி யாதவ் வழக்கில், நிலா இல்லாத இரவில் நட்சத்திர வெளிச்சத்தில் அடையாளம் கண்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. காரணம், தூரம் மிகக் குறைவு, தாக்கியவர்கள் முன்பே நன்கு தெரிந்தவர்கள். தினமும் பார்க்கும் முகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் கண்டுகொள்ள டியூப்லைட் தேவையில்லை. அதனால் 'எவ்வளவு பக்கத்தில், எத்தனை வருடப் பழக்கம்' என்ற இரண்டும் வாக்குமூலத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, அவர் மனைவி என்பது. 'உறவுக்காரச் சாட்சி, பொய் சொல்வார்' என்பது எல்லா வழக்கிலும் வரும் வசனம். 1953லேயே தலிப் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: நெருங்கிய உறவினர்தான் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு அப்பாவியை மாட்டிவிடுவதில் கடைசி ஆளாக இருப்பார். ஆனால் முன்பகை இருக்கும் இடத்தில், உண்மைக் குற்றவாளியோடு சேர்த்துப் பகையாளி ஒருவரையும் இழுத்துவிடும் சபலம் இருக்கும் என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நாம் படிப்பதில்லை.

நான்காவது, நேரம். இதுதான் எங்களை அதிகம் கவிழ்ப்பது. சேலம் மாவட்டத்தில் 1970ல் நடந்த ஒரு கொலையில், துலியா காளி வழக்கில், உச்ச நீதிமன்றம் 1972ல் தண்டனையை ரத்து செய்தது. கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களில் இறந்தவரின் மருமகளும் ஒருவர். காவல் நிலையம் 2 மைல் தூரம்தான். புகார் போனது 20 மணி நேரத்துக்கும் பிறகு. ஏன் என்பதற்கு நம்பும்படியான விளக்கம் இல்லை. தாமதமான புகாரில் யோசித்துச் சேர்த்தது நுழைந்துவிடும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பயம்.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். அந்த அக்கா ஏன் தாமதமாகப் போகிறார்? முதலில் மருத்துவமனை. பிறகு ஸ்டேஷனில் 'இன்ஸ்பெக்டர் வரட்டும்' என்று உட்கார வைக்கிறார்கள். சிலர் சமாதானம் பேச வருகிறார்கள். பொழுது விடிந்த பிறகுதான் புகாரை வாங்குகிறார்கள். தாமதத்துக்கு நியாயமான விளக்கம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கிறது. ஆனால் அந்த விளக்கம் புகாரிலேயே இருக்க வேண்டும்: எத்தனை மணிக்கு வந்தேன், யார் உட்காரச் சொன்னார்கள், எத்தனை மணிக்கு வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நின்று முதல் முறையாகச் சொன்னால் அது வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியும். முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்த நேரத்தை அதிலேயே குறித்திருப்பார்கள். இரவு 11 மணிக்குப் பதிவு செய்ததாகச் சொல்லும் அறிக்கை மறுநாள் மாலை போய்ச் சேர்ந்திருந்தால், இடையில் என்ன எழுதினார்கள் என்ற கேள்வி வரும். அது போலீஸ் செய்த தாமதம், எடை குறைவதோ அக்காவின் வார்த்தைக்கு.

இனி நாம் செய்யும் தவறு. வெட்டியது இரண்டு பேர். ஆனால் 'தூண்டிவிட்டவன் அவன், அவன் தம்பியும் அங்கேதான் நின்றான்' என்று பக்கத்தில் நிற்கும் யாரோ சொல்ல, புகாரில் ஆறு பேர் ஆகிவிடுகிறார்கள். ஆறு பேர் கையிலும் அரிவாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வெட்டுக்காயம் மூன்றுதான். அந்த நான்கு பெயர்களும் அவரை முதல் வகையிலிருந்து மூன்றாவது வகைக்கு இறக்கிவிட்டன. ஒன்றில் பொய் என்றால் எல்லாம் பொய் என்ற விதி இந்திய நீதிமன்றங்களில் கிடையாது, உண்மையைப் பிரித்தெடுக்க முயல வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரே சாட்சி இருக்கும் வழக்கில் பிரித்தெடுக்க நீதிபதிக்குக் கையில் என்ன இருக்கிறது? துணை ஆதாரம் இல்லையென்றால் அந்த நான்கு பேரோடு வெட்டிய இரண்டு பேரும் வெளியே வருவார்கள்.

நின்றவரை 'நின்றார்' என்றே சொல்ல வேண்டும். முகம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே. எத்தனையாவது வெட்டு எங்கே விழுந்தது என்பது நினைவில்லை என்றால் அதையும் அப்படியே. கணவன் சாவதைப் பார்த்தவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். சின்னச் சின்ன முரண்பாடுகள் உண்மையான சாட்சியத்தின் அடையாளம் என்றே பல தீர்ப்புகள் சொல்கின்றன. கெடுப்பது, போலீஸ் வாக்குமூலத்தில் இல்லாத முக்கிய விஷயம் நீதிமன்றத்தில் புதிதாக முளைப்பதுதான்.

அந்த ஒரு சாட்சியும் பிறழ்ந்துவிட்டால்? கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். கடைசியாக அவரோடு இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். மாஜிஸ்திரேட் முன் முன்பே கொடுத்த வாக்குமூலம் தனியாக நின்று குற்றத்தை நிரூபிக்காது. கூண்டில் சொல்வதுதான் சாட்சியம். அந்த வழக்கைக் காப்பாற்றியதில் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது, 2023ல் உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிகளின் தண்டனையை உறுதி செய்தது. கேமரா இல்லாத சேரிப் பாதையில் அதே பிறழ்வு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பல பேர் சேர்ந்து தாக்கிய வழக்குகளில் மட்டும் நீதிமன்றங்கள் எண்ணிக்கையைப் பார்க்கின்றன. 1964ன் மசால்தி தீர்ப்பு, கும்பல் தாக்குதலில் ஒரு குற்றவாளியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் ஒரே மாதிரி சுட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதை ஒரு எச்சரிக்கையாக ஏற்றது. கூட்டத்தில் வேடிக்கை பார்த்தவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை இருந்தால் நீதி வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997 டிசம்பர் 1 இரவு 58 பேர் கொல்லப்பட்டார்கள். பல சாட்சிகள் வந்து சொன்னார்கள். 2010ல் விசாரணை நீதிமன்றம் 26 பேரைத் தண்டித்தது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் சாட்சிகளை நம்ப முடியாது என்று 26 பேரையும் விடுவித்தது. முத்துப்பேட்டையில் ஒருத்தி போதும் என்றது சட்டம். பாதேயில் அத்தனை பேரும் போதவில்லை.

அப்புறம், ஒரே போலீஸ்காரர் சொன்னதை வைத்து நம் பிள்ளைகள் மீது திருட்டு வழக்கு போடும்போதும் இதே அளவுகோலைத்தான் கேட்க வேண்டும். விளக்கு எங்கே, நேரம் என்ன, மகஜரில் கையெழுத்துப் போட்ட பொதுச் சாட்சி யார்?

அந்தத் தம்பியிடம் திரும்புகிறேன். அக்காவிடம் இன்று போய்ப் பேசுங்கள், ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். புகாரின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது இலவசமாகக் கிடைக்க வேண்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணையை வீடியோவில் பதிவு செய்வது எல்லாம் உரிமையாக இருக்கின்றன. மனு எழுத ஆள் வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னோடு வாருங்கள், அந்தச் சேலை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.