மருந்தின் அளவும் மருந்தின் நேரமும்



கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு எலிக்காய்ச்சல் புதிய பெயரன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிறு புண் வழியே கிருமி உடலினுள் புகுகின்றது. நோய் முற்றிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவருக்குப் பெனிசிலின் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை சிரை வழியாகச் செலுத்தப்படும். அதற்கு மாற்றாகச் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தால் நாளுக்கு ஒரு முறை போதும். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள்; கிருமியின் செல்சுவரைக் கட்டும் நொதிகளை முடக்கியே இரண்டும் கொல்கின்றன. பின் ஏன் ஒன்றுக்கு நான்கு ஊசி, மற்றொன்றுக்கு ஒரே ஊசி?

ஒவ்வொரு கிருமிக்கும், அதன் பெருக்கத்தை நிறுத்தும் குறைந்தபட்சச் செறிவு ஒன்று உண்டு. அதைத் தடுப்புச் செறிவு என்போம். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளின் செறிவு இவ்வளவைப்போல் நான்கு மடங்கை எட்டியதும் நொதிகள் பெரும்பாலும் முடக்கப்பட்டுவிடுகின்றன. அதற்குமேல் எவ்வளவு கூட்டினாலும் கொல்லும் வேகம் அதிகம் கூடுவதில்லை. செறிவு எத்தனை மணி நேரம் தடுப்புக் கோட்டிற்கு மேல் நிற்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. பெனிசிலின் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் குருதியில் பாதியாகக் குறைந்துவிடும். செஃப்ட்ரியாக்சோன் பாதியாக எட்டு மணி நேரம் ஆகும். ஊசிகளின் எண்ணிக்கை வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இதே குடும்பத்து மெரோபெனத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எளிமைக்காகக் கொண்டவை. ஒரு கிராம் மருந்தை விரைவாகச் செலுத்தியதும் குருதியில் லிட்டருக்கு 48 மில்லிகிராம் இருக்கிறது. மணிக்கொரு முறை அது பாதியாகும்: 24, 12, 6, 3. தடுப்புச் செறிவு 4 என்றால், மருந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேரமே கோட்டிற்கு மேல் நிற்கும். அடுத்த ஊசியோ எட்டு மணி நேரம் கழித்துத்தான். மருந்தை இரட்டித்தால் என்ன ஆகும்? 96 ஒரு மணி நேரத்தில் 48 ஆகிவிடும். ஆக, இரு மடங்கு மருந்து நமக்கு ஈட்டித் தருவது ஒரே ஒரு மணி நேரம். இனி அளவைக் கூட்டாமல், அதே ஒரு கிராமை மூன்று மணி நேரத்திற்கு மெல்லச் சொட்டவிடுவோம். உச்சம் 20 அளவிலேயே நின்றுவிடும். ஆனால் கோட்டிற்கு மேல் நிற்கும் நேரம் ஏறத்தாழ ஐந்து மணி ஆகிறது. இரட்டித்த மருந்தை நேரம் வென்றுவிட்டது! மாணவர்கள் இதை வரைபடத் தாளில் வரைந்து பார்க்கலாம்.

ஜென்டாமைசின் இதற்கு நேர்மாறான இயல்புடையது. அதன் உச்சச் செறிவு உயர உயரக் கொல்லும் வேகமும் உயர்கிறது. செறிவு கோட்டிற்குக் கீழே இறங்கிய பின்னும் எஞ்சிய கிருமிகள் சில மணி நேரம் தலைதூக்குவதில்லை. எனவே 80 மில்லிகிராமாக மூன்று முறை கொடுப்பதைவிட 240 மில்லிகிராமை ஒரே முறையில் கொடுப்பதே பெரும்பாலும் ஏற்றது. சிறுநீரக உயிரணுக்கள் ஒரு நேரத்தில் ஓரளவுக்குமேல் இம்மருந்தை உறிஞ்சமாட்டா. ஆதலால் நீண்ட இடைவெளி அவற்றுக்கும் நல்லது. இதைச் சொட்டுச் சொட்டாக நாள் முழுதும் செலுத்துவது நோயாளிக்கு இரட்டைத் தீங்காகும்.

கணக்கில் வென்றது கட்டிலருகிலும் வெல்லுமா? மலேசியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இரண்டில், கடுமையான குருதித்தொற்று நோயாளிகள் 140 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளை இடைவிட்டுப் பெற்றோரில் 34 விழுக்காட்டினரும், தொடர்ந்து பெற்றோரில் 56 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். எனினும் இறப்பில் வேறுபாடு தெளிவாகவில்லை. 2024-இல் பல நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. தொண்ணூறு நாள்களுக்குள் இறந்தோர் இடைவிட்ட முறையில் 26.8 விழுக்காடு, தொடர் முறையில் 24.9 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலானது அன்று என உறுதிகூறும் எல்லையை அது மயிரிழையில் தவறவிட்டது. தடுப்புச் செறிவு மிகத் தாழ்ந்த கிருமிக்கு எம்முறையும் போதும். எதிர்ப்புத் திறன் கூடிய கிருமியிடமும், மருந்தை விரைந்து வெளியேற்றும் சிறுநீரகமுடைய இளம் நோயாளியிடமுமே முறையின் வேறுபாடு பெரிதாகக் கூடும் என்பது என் கருத்து.

நடைமுறையில் இரண்டு இடறல்கள் உண்டு. கரைத்த மெரோபெனம் நம் நாட்டு வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்குகிறது. காலையில் கலந்த பையை இரவுவரை தொங்கவிட முடியாது. அடுத்தது தொடக்கம். நாளொன்றுக்கு மூன்று கிராமைச் சீராகச் சொட்டவிட்டால், நாம் போட்ட கணக்கின்படி செறிவு 4-ஐத் தொடவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நோய் முற்றியவருக்கு அந்த ஒரு மணி நேரம் பேரிழப்பு. அதனால் முதலில் ஒரு முழு அளவை விரைவாகச் செலுத்திவிட்டே சொட்டைத் தொடங்குவர்.