பதற்றத்தில் இருப்பவரோடு பேசுதல்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழும்பில் வளர்ந்த எல்லாருக்கும் அங்கொடை என்ற பெயர் ஒரு பகிடியாகத்தான் முதலில் காதில் விழுந்திருக்கும். “இப்படியே போனால் அங்கொடைக்குத்தான்” என்று நாமும் வகுப்பில் ஒருத்தியை ஒருத்தி சீண்டியிருக்கிறோம். அந்த இடம் இன்று தேசிய மனநல நிறுவகம். உளநலத் தாதியாக வேலை செய்த என்னிடம் பலரும் கேட்பது ஒரே கேள்வி: “அடிக்க வந்தால் என்ன செய்வீர்கள்? பிடித்துக் கட்டுவீர்களா?” இன்றைக்கு அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பிடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு உளநிலைப் பரிசோதனை என்று பெயர். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப் போல, நாங்கள் ஒருவருடைய தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, சிந்தனை, புலன்களுக்குத் தோன்றுபவை, நினைவும் கவனமும், தன் நோயைப் பற்றி அவருக்கு உள்ள விளக்கம் ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்து எழுதுகிறோம். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற காரியம் அல்ல இது. பாதிக்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமலே கிடைத்துவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது தனி ஒருவருடைய கதை அல்ல. பல பேரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த, எழுபதை அண்டிய ஓர் அம்மா. பொது வைத்தியசாலை வாட்டு ஒன்று, இரவு பதினொரு மணி. சேலைன் ஊசியைப் பிடுங்கிவிட்டார், சிற்றூழியரைக் கையால் தள்ளிவிட்டார், சத்தம் போடுகிறார். “பைத்தியம் பிடித்துவிட்டது, உளநோய் வாட்டுக்கு அனுப்புங்கள்” என்கிறார்கள்.

வாசலில் நின்றே பார்க்கிறேன். கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன. சுவரைக் காட்டி “பூச்சி, பூச்சி” என்கிறார். ஒரு வசனத்தைத் தொடங்கி நடுவில் விட்டுவிடுகிறார். சில நிமிடங்களில் அரைத் தூக்கம், பிறகு திரும்பவும் சத்தம். மகனைக் கேட்டால், “மூன்று நாளைக்கு முன் சமைத்து எங்களுக்குப் பரிமாறினவ, மிஸ்” என்கிறார்.

இந்த வயதில், மூன்று நாளுக்குள், இரவில் கூடிக் குறைகிற குழப்பம் புதிதாக வந்தால், முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இல்லாத குரல் காதில் கேட்பது உளநோயில் அதிகம். இல்லாத பூச்சி கண்ணில் தெரிவது காய்ச்சலிலும், கிருமித் தொற்றிலும், உப்புச்சத்துக் குறைவிலும், மதுவைத் திடீரென்று நிறுத்தியவர்களிலும் அதிகம். இதைச் சித்தக்குழப்பம் என்கிறோம். இதைத் தவறவிட்டு உளநோய் என்று எழுதிவிட்டால், உள்ளே இருக்கும் தொற்று ஆளைக் கொண்டுபோய்விடும்.

உறுதிப்படுத்துவதற்கு இடம், காலம், கவனம் மூன்றையும் சோதிக்கிறோம். இங்கேதான் நம்முடைய மொழி குறுக்கே வருகிறது. சிங்களத்தில் திகதி கேட்டால் அந்த அம்மா பேசாமல் இருப்பார். குறிப்பில் “பதில் இல்லை” என்று விழும். தமிழில் கேட்டாலும் திகதி சொல்லத் தெரியாத அம்மாமார் எத்தனை பேர்! ஆனால் “நேற்றுச் செவ்வாய், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய் வந்தனான்” என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் காலம் நன்றாகத் தெரிகிறது. அதேபோல “ஒரே யோசினை” என்று நம் பெண்கள் சொன்னால் அது கவலை, நித்திரை வராத கவலை. மொழிபெயர்ப்பவர் “சிந்திக்கிறாராம்” என்று சொல்லிவிட்டால் மனச்சோர்வு குறிப்பிலேயே காணாமற் போய்விடும். அதனால் நோயாளி சொன்ன சொல்லை, சொன்ன மொழியிலேயே, மேற்கோளுக்குள் எழுதவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பேன்.

கவனத்துக்கு, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது புத்தகமுறை. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவருக்கு அது கணக்குப் பரீட்சையாகிவிடும். கிழமை நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் போதும். இந்த அம்மா “ஞாயிறு, சனி” என்று தொடங்கி, “பூச்சி” என்று போய்விட்டார். அதுவே எனக்கு விடை.

இனி அமைதிப்படுத்துவது. இதையும் பரிசோதனையையும் தனித்தனியாகச் செய்ய முடியாது. பேசப் பேசத்தான் தெரிந்துகொள்கிறோம். முதலில் வேடிக்கை பார்ப்பவர்களை விலக்கி, ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து “படுங்கோ, படுங்கோ” என்றால் தெளிந்த மூளையே குழம்பும். இரண்டு கை நீளத் தூரம் விட்டு, நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கமாக, வெறுங்கை தெரியும்படி நிற்கிறேன். கதவு அவருக்கும் மறைபடக் கூடாது, எனக்கும் மறைபடக் கூடாது.

“அம்மா, நான் நேர்ஸ். இது ஆஸ்பத்திரி. மகன் இங்கதான் நிக்கிறார்.”

ஒரு வசனம், பிறகு இடைவெளி. கேட்டது மூளைக்குள் போக நேரம் எடுக்கும். தேவையானால் அதே சொற்களை மூன்று நான்கு தடவை சொல்ல வேண்டும். சொல்லை மாற்றினால் அவருக்கு அது புதுக் கேள்வி.

“பூச்சி பிள்ளை, காலில ஏறுது!”

இங்கே பலர் “பூச்சி ஒன்றும் இல்லை” என்று வாதாடுவார்கள். வேறு சிலர் பூச்சியை அடிப்பதுபோல நடிப்பார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. “எனக்குத் தெரியேல்லை அம்மா. உங்களுக்குத் தெரியுது, பயமா இருக்கும். லைட்டைப் போடட்டா?” பயம் உண்மை, அதை ஒத்துக்கொண்டால் பொய் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் வந்ததும் சுவரின் நிழல்கள் போயின. மூக்குக்கண்ணாடி பையிலேயே கிடந்தது; மகன் எடுத்து மாட்டிவிட்டார். பிறகு ஒரு தெரிவு: “தண்ணி குடிக்கிறீங்களா, இல்லாட்டி மகனோட கொஞ்சம் இருக்கிறீங்களா?” இரண்டும் நம்மால் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கையை ஓங்கியபோது, “அடிச்சா எனக்கு நோகும் அம்மா, நான் கொஞ்சம் தள்ளி நிக்கிறன்” என்று எல்லையைச் சொல்லி விலகினேன்.

கால்மணி நேரத்துக்குள் கையைத் தந்தார். காய்ச்சல் 101 பாகை, நாடி 112. சிறுநீரில் தொற்று.

கட்டியிருந்தால்? இவர்களைக் கட்டினால் குழப்பம் கூடும், இழுத்து இழுத்துக் களைப்பார்கள், ஏன் கட்டினார்கள் என்பது விளங்காததால் பயம் இரட்டிக்கும். கட்டுவதன் ஆபத்தை நம் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் கொடுமையாகக் கண்டார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், உளநோயாளரை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

பேச்சு எப்போதும் வெல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் கத்தி இருந்தால் தாதியின் வேலை விலகி உதவி அழைப்பது. குரல் ஏறுவது, முஷ்டி இறுகுவது, குறுக்கும் நெடுக்கும் நடப்பது, சொன்ன பெயருக்கே திரும்பிப் பார்க்காதது கூடிக்கொண்டே போனால் பேச்சு எடுபடவில்லை என்று அர்த்தம். அப்போது மருத்துவரின் உத்தரவோடு மருந்து. அதையும் முதலில் குடிக்கும் மருந்தாகக் கேட்டுப் பார்ப்போம். முதியவருக்கு மிகக் குறைந்த அளவு. பிடிக்கவே வேண்டி வந்தால் பயிற்சி உள்ளவர்கள், சில நிமிடங்கள், ஒருபோதும் குப்புற அழுத்தாமல். மூச்சைப் பார்ப்பதற்கென்று ஒருவர் தனியாக நிற்க வேண்டும். முடிந்தபின் நோயாளியோடு உட்கார்ந்து, என்ன நடந்தது, எது அவரைக் கிளப்பியது என்று கேட்பதையும் விடக்கூடாது. அடுத்த தடவைக்கான வழி அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் அந்த அம்மா கிழமைகளை ஞாயிறிலிருந்து திங்கள் வரை தடங்கலில்லாமல் சொன்னார். இரவு நடந்தது அரைகுறையாக ஞாபகம். “ஆரோ தமிழில கதைச்சது தெரியும்” என்றார்.

உங்கள் வீட்டு முதியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது கண்ணாடி, காதுக் கருவி, குடிக்கிற மருந்துகளின் சீட்டு மூன்றையும் எடுத்துப்போங்கள். குழப்பம் எந்த நாள் தொடங்கியது என்றும் குறித்து வையுங்கள். உளநலம் பற்றி ஆலோசனை வேண்டுமானால், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.