புணர்ச்சி அட்டவணைக்கு நான்காவது நிரல்



மேல்நிலை மாணவர்களுக்கான புணர்ச்சி அட்டவணையை ஆராய மந்தைவெளியில் கூடியிருக்கிறோம். வழக்கமான அட்டவணையில் நிலைமொழி, வருமொழி, புணர்ந்த சொல் என மூன்று நிரல்கள் இருக்கும். ஓரத்தில் நன்னூல் விதி இருக்கும். இரு சொற்களுக்கும் என்ன உறவு என்று காட்டும் நான்காவது நிரலும் வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஆறு, கரை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிலைமொழி நெடில்தொடர்க் குற்றியலுகரம். றகரம் இரட்டுகிறது, வல்லினம் மிகுகிறது, ஆற்றுக்கரை ஆகிறது. இதைப் படித்த மாணவரிடம் ஊறு, காய் என்ற இரண்டையும் கொடுங்கள். முதலெழுத்து அதேபோல் நெடில், ஈறும் அதே 'று', வருமொழி முதலிலும் அதே ககரம். அவர் 'ஊற்றுக்காய்' என்று எழுதினால் குறை அவருடையதன்று. மூன்று நிரல் அட்டவணை அவருக்கு அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது.

வேறுபாட்டை அறியச் சொல்லை விரித்துப் பார்க்க வேண்டும். ஆற்றினது கரை என்று விரிவதால் முன்னது வேற்றுமைப் புணர்ச்சி. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் விரிவதால் பின்னது வினைத்தொகை. அங்கே ஒற்றும் இரட்டாது, வல்லினமும் மிகாது. வெற்றிலைபாக்கும் வெற்றிலைப்பெட்டியும் இப்படித்தான் பிரிகின்றன. முன்னது வெற்றிலையும் பாக்கும், உம்மைத்தொகை, மிகவில்லை. பின்னது வெற்றிலையை வைக்கும் பெட்டி, மிகுந்தது.

உறவைக் கண்டபின் திணையையும் பார்க்க வேண்டும். தேர், கால் சேர்ந்தால் தேர்க்கால். அதே ரகர ஈறு கொண்ட ஆழ்வார் என்ற சொல்லோடு பேட்டை சேரும்போது, நம் பக்கத்து ஊர் ஆழ்வார்பேட்டை என்றே நிற்கிறது. உயர்திணைப் பெயரின் ரகரத்துக்குப் பின் வல்லினம் மிகாது என்று பவணந்தியார் தனியே விதி வகுத்திருக்கிறார். ஊர்ப்பெயர்கள் வகுப்புக்கு மிக நல்ல சான்றுகள். மந்தைவெளியில் வருமொழி முதல் வகரம், இடையினம். அதனால் ஒற்று மிக இடமில்லை. அதனோடு பாக்கம் சேர்ந்தவுடன் பகரம் மிகுந்து மந்தைவெளிப்பாக்கம் ஆகிவிடுகிறது.

அட்டவணையில் இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே விடைதான் இருக்கிறது. ஆற்றுக்கரை சரி; அம் சாரியை பெற்ற ஆற்றங்கரையும் சரி. ஒன்றை மட்டும் அச்சிட்டால், மற்றதை எழுதிய மாணவருக்கு மதிப்பெண் போய்விடும்.

ணகர ஈற்றில் இது இன்னும் சிக்கலாகிறது. வேற்றுமையில் ணகரம் வல்லினத்தின் முன் டகரமாகத் திரியும். மண், பாண்டம் சேர்ந்து மட்பாண்டம் ஆவது அப்படித்தான். ஆனால் இன்று எல்லோரும் மண்பானை என்றே சொல்கிறோம், எழுதுகிறோம், மட்பானை அரிதாகிவிட்டது. இரண்டையும் ஒரே கட்டத்தில் தருவதா, விதி வடிவம் என்றும் வழக்கு வடிவம் என்றும் பிரித்துக் காட்டுவதா? பிரித்தே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. முதல் அமர்வு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.