கடைசிச் சனிக்கிழமை வகுப்பு



வாரயிறுதித் தமிழ் வகுப்புகளில் பாடம் நடத்தப் பயிற்சி முடித்து இன்று பட்டம் பெறும் ஆசிரியர்கள், எழுத்து கற்பிப்பது, கதை சொல்வது, வினாத்தாள் தயாரிப்பது என்று பலவற்றையும் படித்து வந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையை வழியனுப்புவது எப்படி என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இருப்பதில்லை. ஆனால் வெளிநாட்டில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஒருவருக்கு அந்த நாள் வராமல் போகாது. அப்பாவுக்கு வேலை மாற்றமாகும், இல்லையென்றால் விசா முடியும். இரண்டு மூன்று ஆண்டுகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை அடுத்த மாதம் வேறொரு நாட்டில் இருக்கும். அந்த விடைபெறுதலை எப்படி நடத்துவது என்பதே இந்த உரையின் பொருள். அதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஊர் மதுரை. இப்போது இருப்பது கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில். போகப்போவது ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுக்கு.

ஒன்டாரியோ மாகாணம் 1977-இல் மரபுமொழி வகுப்புகளுக்கு வழி செய்தது. அந்த ஏற்பாட்டின் கீழ் பள்ளி வாரியங்களே வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. ஆண்டுக்கு முப்பது வாரம் வகுப்பு நடந்தால் மொத்தம் 75 மணி நேரம். மூன்று ஆண்டு படித்த பிள்ளையிடம் ஆசிரியர் செலவிட்டது ஏறக்குறைய ஒன்பதே நாள். அதனால்தான் கடைசி வகுப்பின் இரண்டரை மணி நேரமும் பெரிதாகிறது. அதை கேக் வெட்டுவதிலேயே கழித்துவிடக் கூடாது.

இந்தக் குடும்பத்தின் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளின் அம்மா அவரை "டீச்சர்" என்பார். பிள்ளைகள் எழுதும்போது "ரீச்சர்" என்று எழுதுவார்கள். வகுப்புச் சுவரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டொராண்டோவின் தமிழ் இதழ்களில் "ரொறன்ரோ" என்று அச்சாவதும் அதே முறையில்தான். ஆங்கிலத்தின் டகர ஒலிக்கு நாக்கு பல்லுக்கு மேலே ஈறைத் தொடுகிறது. யாழ்ப்பாணத்தார் "வெற்றி" என்று சொல்லும்போது றகரத்துக்கு நாக்கு தொடுவதும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான். தமிழகத்து "ட்ட" அதைவிடப் பின்னால் பிறக்கும் ஒலி. அதனால் இலங்கைத் தமிழர் ஆங்கிலச் சொற்களை எழுதும்போது ர, ற எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். "டீச்சர்", "ரீச்சர்" இரண்டும் காரணத்தோடு வந்த வழக்கங்களே.

கடைசி வகுப்புக்கு வாழ்த்தட்டை செய்வது எல்லா இடத்திலும் உண்டு. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஆசிரியர் பலகையில் நான்கு வரி எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பிழையே இருக்காது, பிள்ளையும் இருக்காது. ஸ்காபரோ அக்காவுக்கு ஆசிரியர் எதுவும் எழுதித் தரவில்லை என்று கொள்வோம். அவள் தானாக எழுதுகிறாள்: "ரீச்சர் நீங்கள் சொண்ன குரங்கு கதை எணக்கு புடிக்கும். நான் அங்க போய் உங்கள நினைப்பன்." மூன்று ஆண்டு உழைப்பின் கணக்கு முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. ன, ண இன்னும் குழம்புகிறது. "குரங்குக் கதை" என்ற இடத்தில் ஒற்று விழவில்லை. "நீங்கள்" என்பது எழுத்து வழக்கு, "புடிக்கும்", "உங்கள" என்பவை மதுரைப் பேச்சு, "நினைப்பன்" ஆசிரியரிடமிருந்து வந்த யாழ்ப்பாணம். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள். எழுவாய்க்கு ஏற்ற முடிவு வினையில் சரியாக வந்திருக்கிறது. இந்த அட்டையில் சிவப்பு மையைத் தொடவே கூடாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும்.

அந்தக் குறிப்பு பிராங்க்பர்ட்டில் அவளுக்குக் கிடைக்கப்போகும் அடுத்த ஆசிரியருக்கு. "மூன்றாம் நிலை முடித்தவள்" என்ற சான்றிதழ் அங்கே பெரிதாகப் பயன்படாது. ஓரிடத்து மூன்றாம் நிலை இன்னோரிடத்து மூன்றாம் நிலை அல்ல. புத்தகம் வேறு, கற்பிக்கும் வரிசை வேறு. ஓரிடத்தில் எழுத்து முழுவதையும் முடித்த பிறகே சொல்லுக்கு வருவார்கள். இன்னோரிடத்தில் நான்கைந்து எழுத்திலேயே சொல் சேர்ப்பார்கள். சான்றிதழை மட்டும் நம்பி உட்கார வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பாடம் எளிதாக இருந்து பிள்ளை சலித்துப்போகும், அல்லது கடினமாக இருந்து வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் பேசாத பிள்ளை தொந்தரவு தருவதில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆகவே குறிப்பில் இருக்க வேண்டியவை இவை. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் வரை. எந்தெந்த எழுத்துகள் குழம்புகின்றன: அக்காவுக்கு ன, ண, தம்பிக்கு "கொ". "கொ" எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், ஒலியோ ககரத்தில் தொடங்கும். கேட்ட வரிசையில் எழுதும் ஆறு வயதுப் பிள்ளை முதலில் ககரத்தை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடம் தேடும். இதைச் சொல்லிவைத்தால் அடுத்த ஆசிரியர் அவனை மக்கு என்று எண்ண மாட்டார். பிறகு, "ரீச்சர்" என்று எழுதுவது பிழையல்ல, பழகிய வழக்கு என்று ஒரு வரி. கடைசியாக, எதைப் பற்றிக் கேட்டால் பிள்ளை பேசும் என்பது. அக்காவிடம் மதுரை அப்பத்தாவைப் பற்றிக் கேட்க வேண்டும். தம்பியிடம் எறும்பைப் பற்றி. கூடவே இருவரும் அந்தக் குரங்குக் கதையைத் தங்கள் வாயால் சொல்லும் இரண்டு நிமிடக் குரல்பதிவு. ஒரு பக்கத் தாளைவிட அந்தப் பதிவு அதிகம் சொல்லும்.

இவ்வளவு கவலை எதற்கு, வீட்டில் தமிழ் பேசுகிறார்களே என்று கேட்கலாம். மொழி முழுவதுமாக அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதை கிறிஸ்தோஃப் பாலியேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களை, அவர்கள் பெரியவர்களான பின் சோதித்தார்கள். கொரிய வாக்கியங்களை அவர்களால் மற்ற அயல்மொழிகளிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. எட்டு வயது வரை பேசிய தாய்மொழியும் அப்படிப் போகக்கூடும். 2014-இல் கனடாவில் சீனக் குழந்தைகளை வைத்து வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கைக்குழந்தையாகத் தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளின் மூளை, சீன மொழியின் தொனிகளைக் கேட்டபோது சீனம் பேசுவோரின் மூளை போலவே இயங்கியது. பேச வராவிட்டாலும் ஒலியின் தடம் தங்கியிருந்தது.

ஸ்காபரோ பிள்ளைகளின் நிலை இவ்வளவு கடுமையானது அல்ல. வீட்டில் அம்மாவும் அப்பாவும் தமிழில்தான் பேசுவார்கள். அவர்களுக்கு முதலில் கழன்றுபோவது எழுத்து, அடுத்து வாசிப்பு. ஜெர்மன் பள்ளியில் சேர்ந்த ஒரு மாதத்தில் தம்பி "ஷ்பீலன் பண்ணினேன்" என்பான். விளையாடினேன் என்பதன் பாதி ஜெர்மன். பெற்றோர் பதறுவார்கள். பதற வேண்டியதில்லை, ஏனென்றால் காலமும் இடமும் காட்டும் "பண்ணினேன்" முழுத் தமிழ். இலக்கணம் அவன் தலைக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. கவனிக்க வேண்டிய அறிகுறி வேறு. தமிழில் கேட்ட கேள்விக்கு வேறு மொழியில் பதில் வருவது வழக்கமாகும்போது, அல்லது அப்பத்தாவின் தொலைபேசியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அவன் நழுவும்போது, விழித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் இதைக் கடைசி நாளன்று பெற்றோரிடம் தனியாகச் சொல்லி அனுப்புவது நல்லது. பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாது.

அன்புள்ள ஆசிரியர்கள் அந்த நாளில் செய்கிற தவறு ஒன்று உண்டு. "ஒவ்வொரு சனிக்கிழமையும் காணொளியில் பாடம் எடுக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். டொராண்டோவில் காலை ஒன்பது மணி என்றால் பிராங்க்பர்ட்டில் பிற்பகல் மூன்று. நல்ல நேரம்தான். ஆனால் அங்கே அந்த நேரத்தில்தான் புதிய நண்பர்களின் பிறந்தநாள் விழா இருக்கும். மார்ச்சில் கனடா இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றும், ஜெர்மனி கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இடையில் வரும் சனிக்கிழமைகளில் வித்தியாசம் ஐந்து மணி நேரம். ஆசிரியர் திரையைத் திறந்து காத்திருந்துவிட்டுப் போயிருப்பார், பிள்ளைகள் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார்கள். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை எவரும் அழைக்க மாட்டார்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் தவறு என்று மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

மாதம் ஓர் அஞ்சலட்டை போதும். கையால் எழுதியது, நாலு வரி. முகவரியை ரோமன் எழுத்தில் எழுத வேண்டும், தபால்காரருக்குத் தமிழ் தெரியாது. எழுதும் நாலு வரி தமிழ். தம்பிக்கு எழுத வராவிட்டால் ஓர் எறும்பை வரைந்து, கீழே "எறும்பு" என்று எழுதினாலே அது கடிதம்தான்.

கடைசி வகுப்பு முடிகிற நேரத்துக்குத் திரும்பலாம். பிள்ளைகள் பெரும்பாலும் அழுவதில்லை. பையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் வாசலை நோக்கி ஓடுவார்கள். ஆசிரியர்தான் சொல்லத் தெரியாமல் நிற்பார். ஆசிரியர் கேட்கிறார்: "எப்ப வெளிக்கிடுறியள்?" அப்பா "பத்தாம் தேதி டீச்சர்" என்கிறார். தம்பி "பை" என்கிறான். ஆசிரியர் குனிந்து அவன் காதருகே, "எங்கட பிள்ளையள் எப்பிடிச் சொல்லுவினம்?" என்கிறார். அவன் யோசித்து, "போட்டு வாறன் ரீச்சர்" என்கிறான். பக்கத்தில் நின்ற அக்கா, "போயிட்டு வர்றேன்" என்று தன் வீட்டுத் தமிழில் அவனைத் திருத்துகிறாள். ஆசிரியர் இரண்டுக்கும் தலையாட்டுகிறார்.

செப்டம்பரில் பிராங்க்பர்ட் வகுப்பு. அங்கே ஆசிரியர் கோயம்புத்தூர்க்காரர். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, குரல்பதிவைக் கேட்டுவிட்டு, அக்காவை வயதுக்குரிய வகுப்பில் உட்கார வைத்து ன, ண பயிற்சிக்கு மட்டும் பத்து நிமிடம் தனியே ஒதுக்குகிறார். தம்பியிடம் மதுரை எறும்பா, கனடா எறும்பா பெரியது என்று கேட்கிறார். அக்காவின் நோட்டில் இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. புதியவர் "டீச்சர்". மாதம் ஒருமுறை அட்டை போகும் ஸ்காபரோக்காரர் "ரீச்சர்".